பாதிச் சுவரை அழுக்காகவே விட்ட வீடியோ: ஒரு குளியலறைச் சுத்த விளம்பரத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென் புறநகரில் வீட்டுச் சுத்த வேலை செய்யும் சிறு நிறுவனம் இது. ஆட்கள் நான்கு பேர், வண்டி ஒன்று. உரிமையாளர் முன்பு ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தவர். வேலை நன்றாகத் தெரியும், பேசத்தான் கூச்சம். அவருக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் குளியலறை உப்புக் கறைதான். அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். சுவரில் பட்டுக் காயும் ஒவ்வொரு துளியும் தன்னிடமுள்ள சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். பேச்சில் உப்பு என்கிறோமே தவிர, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் பொங்கிக் கரையும். அதன் அடியில் இருப்பது கெட்டுப்போயிருந்தால் அமிலத்தால் அதைச் சரிசெய்ய முடியாது. இந்த நிகழ்வு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடந்தது.

நான் சிறு கடைகளுக்கும் சேவைத் தொழில்களுக்கும் விளம்பர ஸ்கிரிப்ட் எழுதுகிறவள். அவர் கேட்டது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் போட ஒரு 'பிஃபோர்–ஆஃப்டர்' வீடியோ. முதல் ஸ்கிரிப்டை நான்தான் எழுதினேன். கீழே வரும் குறைகளில் பெரும்பங்கு என்னுடையது.

முதல் ஸ்கிரிப்ட்

முப்பது விநாடி வீடியோ. எழுதியபடியே தருகிறேன்.

காட்சி 1: இரவு, மஞ்சள் பல்பு வெளிச்சம். வெள்ளை பூத்த சுவர் டைல்ஸ், மங்கிய ஷவர் கண்ணாடி, திட்டுத் திட்டான குழாய். பின்னணியில் சோக இசை.
குரல்: "உங்க பாத்ரூமும் இப்படித்தான் இருக்கா?"

காட்சி 2: கையுறை போட்ட கைகள், நுரை, பிரஷ். எல்லாம் வேகமாக.
குரல்: "எவ்வளவு பழைய கறையா இருந்தாலும் கவலை வேண்டாம். ஒரே மணி நேரம்!"

காட்சி 3: காலை. ஜன்னல் திறந்திருக்கிறது. தண்ணீர் சொட்டச் சொட்ட மின்னும் அதே பாத்ரூம்.
குரல்: "புத்தம் புது பாத்ரூம்! 100% கறை நீக்கம், 99.9% கிருமி நீக்கம். இன்றே அழையுங்கள்."

கடைசி இரண்டு விநாடியில், நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, திரையின் அடியில் பொடி எழுத்தில்.

இதைப் படிக்கும்போது எந்த வரியும் உறுத்தாமல் இருக்கலாம். எனக்கும் உறுத்தவில்லை. இந்த வகை வீடியோக்கள் பத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் கை தானாக இதைத்தான் எழுதும்.

என்ன நடந்தது

மூன்று வாரத்தில் இரண்டு விதமான பதில்கள் வந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதல் வகை, நம்பாதவர்கள். வீடியோவின் கீழ் ஒருவர் எழுதியிருந்தார்: "ரெண்டும் வேற வேற பாத்ரூம். மொதல்ல நீல பக்கெட் இருக்கு, அப்புறம் இல்ல. சோப்பு ஸ்டாண்டும் இடம் மாறியிருக்கு." அதற்கு நாற்பது பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். உரிமையாளருக்குத் தூக்கம் போயிற்று. அது ஒரே பாத்ரூம்தான். வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் பக்கெட்டை வெளியே வைத்தார்கள், சோப்பு ஸ்டாண்டைக் கழற்றிக் கழுவி வேறு கொக்கியில் மாட்டினார்கள், அவ்வளவுதான்.

"நான் பொய் சொல்லலையே மேடம்," என்றார் போனில். உண்மைதான். ஆனால் இரவு மஞ்சள் வெளிச்சத்தையும் காலை வெயிலையும் பக்கத்தில் வைத்தது நான். சுத்தமே செய்யாமல் ஜன்னலை மட்டும் திறந்திருந்தாலும் அந்தச் சுவர் பாதி வெளுத்துத்தான் தெரிந்திருக்கும். பார்ப்பவருக்கு அது தெரியும். வாயால் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் பிடித்துவிடும். பக்கெட்டும் சோப்பு ஸ்டாண்டும் அந்தச் சந்தேகத்துக்குக் கிடைத்த பெயர்கள்.

இரண்டாம் வகை, முழுக்க நம்பியவர்கள். இவர்களால்தான் பணம் போனது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீடியோவைப் பார்த்துக் கூப்பிட்டார். பன்னிரண்டு வருடப் பழைய வீடு, ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு. ஆட்கள் இருவர் போய் மூன்றரை மணி நேரம் வேலை செய்தார்கள். முடிக்கும்போது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அம்மாவும் பார்த்துவிட்டு, காபி கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு போட்டோவும் ஒரு வரியும்: "தம்பி, வீடியோவில் வந்த மாதிரி இல்லையே." கண்ணாடியில் பழைய மூட்டம் அப்படியே திரும்பி நின்றது. குழாயின் அடிப்பகுதியில் பித்தளை நிறம் தெரிந்தது.

அந்த மாதம் அவருடைய நோட்டில் 23 பாத்ரூம் வேலைகள். அதில் 6 வீடுகளிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். ஆறிலும் பிரச்சினை கண்ணாடி அல்லது குழாய். டைல்ஸுக்காக ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. இரண்டு வீட்டுக்கு இலவசமாகப் போய் மறுபடி தேய்த்தார்கள், பயனில்லை. ஆசிரியை அம்மாவுக்குப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வேலை நடக்கும் இடத்தில் கவனித்தவை

ஸ்கிரிப்டை மாற்றுவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வேலை நடக்கும் வீட்டில் இருந்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். முதல் ஸ்கிரிப்டை போனில் கேட்டு எழுதியிருந்தேன். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டதற்கு, "டைல்ஸ் மட்டும்னா ஒரு மணி நேரம் மேடம்" என்றார். 'மட்டும்னா' என்பது ஸ்கிரிப்டில் காணாமல் போனது.

வேலையை நடத்தியவர் ஐம்பதை நெருங்கும் ஒரு அக்கா. முதலில் சுவரைத் தண்ணீரால் நனைத்தார். ஏன் என்று கேட்டேன். "டைல்ஸ் நடுவுல இருக்குற சிமெண்டு காஞ்சிருந்தா மருந்தக் குடிச்சிரும்மா. அரிச்சிட்டுப் போயிரும். முன்னாடியே தண்ணியக் குடுத்துட்டா அவ்வளவா உறிஞ்சாது." பிறகு கதவுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத ஒரு டைலில் மருந்தைத் தொட்டு வைத்துப் பார்த்தார். அதன் பிறகே சுவர் முழுவதும், கீழிருந்து மேலாகத் தடவினார். மேலிருந்து தடவினால் ஒழுகும் மருந்து காய்ந்த சுவரில் கோடு போட்டுவிடுமாம். சில நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் நைலான் பேடால் தேய்த்துக் கழுவினார். கெட்டியான இடங்களில் இரண்டாம் சுற்று.

குழாய்ப் பக்கம் வந்ததும் மருந்தை மாற்றினார். சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனார். டாய்லெட் ஆசிட் பட்டால் குரோம் பூச்சு போய்விடும் என்பதால் அதைக் குழாய்ப் பக்கம் கொண்டுவருவதே இல்லை. ஆனால் பல வீடுகளில் இவர்கள் போவதற்கு முன்பே வீட்டுக்காரர்கள் அதை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். வெள்ளைப் படிவு இருக்கும்வரை அடியில் பூச்சு போயிருப்பது தெரியாது. சுத்தம் செய்ததும் வெளியே வரும். வீட்டுக்காரருக்கு, சுத்தம் செய்ய வந்தவர்கள் கெடுத்துவிட்டதாகத்தான் தோன்றும்.

கண்ணாடியிலும் இதே கதை வேறு விதத்தில் நடக்கிறது. வருடக்கணக்கில் படிவு உட்கார்ந்த கண்ணாடியின் மேற்பரப்பே மெல்ல அரிக்கப்பட்டுவிடும். அப்புறம் படிவு முழுவதையும் எடுத்தாலும் மூட்டம் போகாது. அது அழுக்கில்லை, கண்ணாடியின் சொரசொரப்பு. ஈரமாக இருக்கும்போது தண்ணீர் அந்தச் சிறு பள்ளங்களை நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் நேராகப் போகும், கண்ணாடி தெளிவாகத் தெரியும். காய்ந்ததும் மூட்டம் திரும்பும். ஆசிரியை அம்மா வீட்டில் நடந்தது இதுதான்.

நான் அங்கேயே ஸ்கிரிப்டை எடுத்து மூன்றாம் காட்சியைப் படித்தேன். 'தண்ணீர் சொட்டச் சொட்ட மின்னும்.' மின்னுவது அழகாக இருக்கும் என்று எழுதியது அது. இந்தத் தொழிலில் ஈரமான 'பின்' காட்சி எதையும் நிரூபிக்காது. கழுவிவிட்ட எந்தப் பரப்பும் ஈரத்தில் நன்றாகத்தான் இருக்கும், தேய்க்கவே தேய்க்காதது உட்பட.

இன்னொன்றையும் அன்றுதான் பார்த்தேன். அக்கா காய்ந்த டைல்ஸில் நகத்தால் மெல்லச் சுரண்டி, சத்தத்தை வைத்தே எங்கே இரண்டாம் சுற்று வேண்டும் என்று முடிவு செய்தார். படிவு இருந்தால் 'கர்ர்' என்று வரும். இல்லாத இடத்தில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். கண்ணாடிக்கும் அதே சோதனைதான். மூட்டமாக இருந்தும் நகம் வழுக்கினால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு மூலையில் எலுமிச்சை நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்து, துடைத்து, காயவைத்துப் பார்ப்பார். மூட்டம் அப்படியே இருந்தால், "இது கண்ணாடி கெட்டது, போகாது" என்பார். ஆசிரியை அம்மா வீட்டுக்கு அன்று போனது இந்த அக்கா இல்லை, புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அன்று மாலை உரிமையாளரோடு உட்கார்ந்து பேசினோம். நம்பாதவர்களுக்கு ஒரு வீடியோ, அதிகம் நம்புகிறவர்களுக்கு வேறொன்று என்று எடுக்க முடியாது. ஒரே வீடியோ இரண்டையும் செய்ய வேண்டும்.

முதல் முடிவு, 'முன்'னையும் 'பின்'னையும் தனித்தனிக் காட்சிகளாக வைப்பதில்லை. ஒரே சுவரை நடுவில் பிரித்து, ஒரு பாதியை மட்டும் சுத்தம் செய்து, இரண்டையும் ஒரே சட்டகத்தில் காட்டுவது. அப்போது வெளிச்சம், கேமரா, பக்கெட் எல்லாமே இரண்டு பாதிக்கும் பொது. சந்தேகம் உட்கார இடம் இருக்காது. எடுக்கும்போது ஜன்னலை மூடி, டியூப் லைட்டை மட்டும் போட்டு, போனை ஸ்டாண்டில் நிறுத்தி, திரையில் ஓர் இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்தி ஒளி அளவைப் பூட்டினோம். அப்படிப் பூட்டாவிட்டால் சுவர் மாற மாற போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்.

இரண்டாவது, காய்ந்த பிறகே 'பின்'. மதியம் வேலையை முடித்து, மின்விசிறியை வாசலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்து எடுத்தோம். பையன்களுக்கு இது பெரிய எரிச்சல்.

மூன்றாவது, போகாததையும் காட்டுவது. இதற்கு உரிமையாளர் உடனே சம்மதிக்கவில்லை. "நம்ம வீடியோவுல நாமளே நம்மால முடியாதுன்னு சொல்லணுமா மேடம்? பக்கத்துக் கம்பெனிக்காரன் எல்லாம் முடியும்னு சொல்றானே." நான் அவர் நோட்டைத் திறந்து அந்த ஆறு வீடுகளைக் காட்டினேன். திருப்பிக் கொடுத்த பணம், இலவசமாகப் போன இரண்டு நாள் கூலி, பெட்ரோல் எல்லாவற்றையும் அவரே கூட்டிப் பார்த்தார். பிறகு, "ஒரு குழாய் காட்டலாம், கண்ணாடி வேண்டாம்" என்றார். அங்கே சமரசம் ஆனோம்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத எதையும் குரல் சொல்லக் கூடாது. கிருமி வரி இதில்தான் போனது. 99.9% என்பது ஏதோ ஒரு பாட்டிலின் லேபிளில் இருந்தது. அது அந்தப் பாட்டிலுக்கு ஆய்வுக்கூடத்தில் கிடைத்த கணக்காக இருக்கலாம், நாங்கள் தேய்த்த சுவருக்கு யாரும் எடுக்கவில்லை. '100%', 'எவ்வளவு பழையதானாலும்', 'புத்தம் புது' மூன்றும் அதோடு சேர்ந்து போயின.

இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைக் குற்றமாகப் பார்க்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறைக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்த ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நிபந்தனை வரி எந்த மொழியில் விளம்பரம் பேசுகிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும், முக்கியமான தகவலை மறைக்கவோ சொன்ன உறுதியை மறுக்கவோ அதைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. தமிழில் உரக்கப் பேசிவிட்டு ஆங்கிலப் பொடி எழுத்தில் பின்வாங்கிய எங்கள் கடைசி வரி இரண்டிலும் தவறியது. நான்கு ஆள் கம்பெனியை டெல்லியிலிருந்து யார் தேடி வரப்போகிறார்கள் என்று உரிமையாளர் கேட்டார். வராமலும் போகலாம். ஆசிரியை அம்மா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாமே என்றேன். அதற்குப் பதில் சொல்லவில்லை.

புதிய ஸ்கிரிப்ட்

48 விநாடி. இசை கிடையாது. குரல் அக்காவுடையது. ஒரு டப்பிங் குரலை முயன்று பார்த்தோம், சத்தம் நன்றாக இருந்தது, சுவரைத் தொட்ட ஆள் பேசுவது போல இல்லை.

காட்சி 1: காய்ந்த சுவர். ஒரு கை நகத்தால் சுரண்டுகிறது. 'கர்ர்' சத்தம் தெளிவாக.
குரல்: "இது ஏழு வருஷத்து உப்பு. சுவர் காஞ்சிருக்கு. சத்தத்தக் கேளுங்க."

காட்சி 2: சுவரின் நடுவே, இரண்டு டைல் சேரும் கோட்டின் மேல் டேப் ஒட்டப்படுகிறது.
குரல்: "இந்தப் பக்கம் மட்டும் இப்ப செய்றோம். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்."

காட்சி 3: வேலை. சுவர்க் கடிகாரம் ஒன்று சட்டகத்துக்குள். மேலே தமிழில் பெரிதாக: 'வேகமாக ஓட்டிக் காட்டுகிறோம்'.
குரல்: "டாய்லெட் ஆசிட் ஊத்தித் தேய்க்காதீங்க. குழாய் பூச்சு போயிரும்."

காட்சி 4: மாலை. அதே இடம், காய்ந்த சுவர். வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் டேப் உரிக்கப்படுகிறது. நகம் அழுக்குப் பாதியிலிருந்து சுத்தப் பாதிக்கு நகர்கிறது. சத்தம் நின்றுவிடுகிறது. இரண்டு விநாடி யாரும் பேசவில்லை.

காட்சி 5: குழாயின் அடிப்பகுதி, மிக நெருக்கத்தில்.
குரல்: "இது கறையில்ல. பூச்சே போயிருக்கு. இது எங்களால வராது, குழாயத்தான் மாத்தணும்."

காட்சி 6: முழு பாத்ரூம், காய்ந்தது.
குரல்: "இந்த பாத்ரூம் முழுசும் முடிக்க ரெண்டு பேருக்கு மூணே கால் மணி நேரம் ஆச்சு. உங்க பாத்ரூம் போட்டோ அனுப்புங்க. எது போகும், எது போகாதுன்னு வர்றதுக்கு முன்னாடியே சொல்றோம்."

எடுக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கினோம். முதலில் டேப்பை டைலின் நடுவில் ஒட்டியிருந்தோம். மருந்து டேப்புக்கு அடியில் கசிந்து, எல்லைக் கோடு அழுக்கும் சுத்தமும் கலந்து கோணல்மாணலாக வந்தது. அதனால் டைல்ஸ் சேரும் கோட்டுக்கு மாற்றினோம். அதில் வேறு சிக்கல். எல்லை அவ்வளவு நேராக இருந்ததால், முதலில் காட்டிய நண்பர் ஒருவர், "நல்லா எடிட் பண்ணியிருக்கீங்க" என்றார். டேப் உரிப்பதையும் நகம் எல்லையைக் கடப்பதையும் ஒரே ஓட்டத்தில் வைக்கும் யோசனை அப்போதுதான் வந்தது. படத்தை எடிட் செய்திருக்கலாம் என்று நினைப்பவருக்கும், நகம் நகரும் அதே நொடியில் மாறும் சத்தம் சட்டென்று புரிகிறது.

பிறகு நடந்தவை

வீடியோ போட்ட பின் வந்த ஒரு மாதத்தில் 17 வேலைகள். முந்தையதை விடக் குறைவு. திரும்பக் கூப்பிட்டது ஒரே வீடு. பள்ளி விடுமுறையில் பலர் ஊருக்குப் போயிருந்த மாதம் அது என்பதால் வேலை குறைந்ததற்கு வீடியோவைக் குறை சொல்வதா என்று தெரியவில்லை. ஆனால் நோட்டில் கையில் நின்ற பணம் முந்தைய மாதத்தை விடச் சற்றுக் கூடுதல்.

எண்ணிக்கையை விட, போனில் பேச்சு மாறியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. முன்பு கூப்பிடுகிறவர்கள் "எவ்வளவு ஆகும்?" என்று தொடங்குவார்கள். இப்போது போட்டோ அனுப்பிவிட்டு, "அந்த வீடியோவுல காட்டுன குழாய் மாதிரிதான் எங்க வீட்டுலயும் இருக்கு, விட்டுருங்க, டைல்ஸ் மட்டும் பண்ணுங்க" என்கிறார்கள். முடியாது என்று சொன்ன ஏழு விநாடியைத்தான் அதிகம் பேர் நினைவில் வைத்திருந்தார்கள். வீடியோவின் கீழும் ஒருவர் எடிட் என்று எழுதினார். அவருக்கு இன்னொரு பார்வையாளரே பதில் சொன்னார்: "சவுண்ட் போட்டுப் பாருங்க ப்ரோ."

எல்லாம் நல்லபடியாகப் போகவில்லை. 48 விநாடி நீளம் என்று உரிமையாளரின் மருமகன் 15 விநாடிக்கு வெட்டி ஸ்டேட்டஸில் போட்டான். எது போயிருக்கும் என்று ஊகிக்கலாம்: குழாய்க் காட்சியும் நேரம் சொல்லும் வரியும். அந்தச் சிறு வீடியோவைப் பார்த்து வந்த வீட்டிலிருந்துதான் அந்த ஒரே புகாரும் வந்தது, அதுவும் குழாயைப் பற்றி. நீளத்தைக் குறைக்கச் சொல்வது நியாயம்தான். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று ஸ்கிரிப்டிலேயே நான் குறித்துக் கொடுக்கவில்லை. பிறகு நானே 20 விநாடிப் பதிப்பு ஒன்று செய்தேன். வேலை செய்யும் மூன்றாம் காட்சி முழுவதையும் எடுத்துவிட்டேன். நகம், டேப், குழாய் மூன்றும் இருக்கின்றன. தேய்ப்பதைப் பார்க்கத்தான் ஆசை என்று பையன்கள் சொன்னார்கள், ஆனால் விளம்பரத்தில் அது எதையும் நிரூபிப்பதில்லை.

படம் எடுத்த வீட்டின் உரிமையாளரிடம் வாய்மொழியாகத்தான் அனுமதி வாங்கியிருந்தோம். அலமாரியில் இருந்த ஒரு மருந்துக் களிம்பு முழு பாத்ரூம் காட்சியில் தெரிந்தது. அதே அடுக்குமாடியில் இருப்பவர் டைல்ஸ் டிசைனைப் பார்த்து வீட்டை அடையாளம் கண்டு, களிம்பு பற்றி விசாரித்திருக்கிறார். வீட்டுக்காரர் கோபப்படவில்லை, சங்கடப்பட்டார். அன்றே அந்தக் காட்சியை நீக்கி, அலமாரி தெரியாத வேறொன்றைச் சேர்த்துப் போட்டோம்.

மறுபடி செய்தால் மாற்றுவது

அனுமதியை எழுதி வாங்குவேன். எந்தச் சுவர் படத்தில் வரும் என்று சொல்லி, எடுப்பதற்கு முன் அலமாரியைக் காலி செய்யச் சொல்வேன். ஆனால் 'முன்' எடுத்த பிறகு ஒரு பொருளையும் நகர்த்த விடமாட்டேன். பக்கெட் இடைஞ்சலாக இருந்தால் தொடக்கத்திலேயே வெளியே போகட்டும்.

கண்ணாடிக் காட்சியைச் சேர்க்கச் சொல்லி இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருப்பேன். அரிக்கப்பட்ட கண்ணாடியை நனைத்து, தெளிவாகத் தெரிவதைக் காட்டி, அதே சட்டகத்தில் அது காய்ந்து மூட்டம் திரும்புவதை வேகமாக ஓட்டிக் காட்டினால் பத்து விநாடி போதும். லேசான அரிப்பை சீரியம் ஆக்ஸைடு வைத்து மெஷினில் பாலிஷ் செய்து குறைக்க முடியும். அது வேறு வேலை, வேறு கூலி, இவர்களிடம் மெஷினும் இல்லை. அதையும் சொல்லிவிடலாம்.

நான் விட்ட பெரிய விஷயம் நாள் கணக்கு. 'பின்' காட்சி எந்த நாளுடையது, அது எத்தனை நாள் அப்படியே இருக்கும் என்று வீடியோவில் எங்கும் இல்லை. தண்ணீர் மாறாதவரை படிவு திரும்ப வரும். குளித்ததும் ஒரு வைப்பரால் சுவரையும் கண்ணாடியையும் இழுத்துவிடுகிற வீட்டில் மெதுவாக வரும், விடாத வீட்டில் சீக்கிரம் வரும். மூன்று மாதம் கழித்து அக்கா அந்த வீட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது, அதே டேப் ஒட்டிய இடத்தைப் போனில் எடுத்து அனுப்பினார். ஷவருக்கு நேர் கீழே லேசாக வெள்ளை பூக்கத் தொடங்கியிருக்கிறது. மற்ற இடம் சுத்தமாக இருக்கிறது.

அந்தப் படத்தை அடுத்த ஸ்கிரிப்டின் முதல் காட்சியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். உரிமையாளர் பார்த்துவிட்டார், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.